“குளிக்கிறேல்லையோ?” எண்ட கேள்வியைப் பற்றி

எங்கட பக்கம் ஒருத்தருக்கு உடம்பில கட்டி வந்தால் இரண்டு தீர்ப்பில் ஒன்று உடனே வரும். ஒன்று சூடு, மற்றது ஊத்தை. மாம்பழக் காலம் எண்டால் சூடு. கட்டி வந்த ஆள் கூலி வேலைக்குப் போறவர் எண்டால் ஊத்தை. முதல் தீர்ப்பை அம்மம்மாமார் சொல்லுவினம். இரண்டாவதைச் சொல்லுறது பெரும்பாலும் படிச்ச ஆக்கள்.

இரண்டுமே பிழை என்பதுதான் என்ர கருத்து. ஆனால் இரண்டாவது கூடக் கெடுதலானது. சூடு எண்டு சொன்னால் ஆள் இளநீர் குடிச்சுப்போட்டு இருப்பார், அவ்வளவுதான். ஊத்தை எண்டு சொன்னால் ஆள் வெக்கப்பட்டு ஒளிச்சிடுவார். கட்டி தொடையிலயோ பின்பக்கத்திலயோ எண்டால் அதை ஒருத்தருக்கும் காட்டமாட்டார், தானே நசுக்குவார், மூன்றாவது நாலாவது தரம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார். நான் கலைப்பீட மாணவி, வைத்தியம் படிக்கவில்லை. எங்கட குடும்பத்துக்குள்ள இது ஒரு வருசம் ஓடினபடியால், மருத்துவபீடத்துச் சிநேகிதி ஒருத்தியைக் கரைச்சல் படுத்திக் கேட்டும் வாசிச்சும் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன்.

திரும்பத் திரும்பக் கட்டி வாற இளம் ஆளிடம் ஒரு நல்ல டொக்டர் மூன்று விசயத்தை யோசிப்பார்: இரத்தத்தில் சீனி எவ்வளவு, சுத்தம் எப்படி, உடம்பில் பற்றீரியா குடியிருக்கிறதா. இந்த மூன்றும் தனித்தனிச் சந்தேகங்கள் போலத் தெரியும். உண்மையில் மூன்றாவதுதான் கதையின் நடு. மற்ற இரண்டும் அதைச் சுற்றி வருகிறவை.

முதலில் கட்டி என்றால் என்ன என்று பார்ப்போம். ஒவ்வொரு மயிருக்கும் தோலுக்குள்ளே ஒரு சின்னக் குழி இருக்கிறது. அந்தக் குழியின் அடிவரைக்கும் பற்றீரியா இறங்கி அங்கே பெருகினால், அதைக் கொல்ல இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. செத்த அணுக்களும் செத்த பற்றீரியாவும் கரைந்த திசுவும் சேர்ந்ததுதான் சீழ். நடுவில் கெட்டியாக நிற்பது முளை. பக்கத்துப் பக்கத்தில் பல குழிகள் ஒன்றாய்ப் பழுத்து உள்ளுக்குள்ளே இணைந்தால் அதைப் பிளவை என்கிறோம். 1880 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் அலெக்சாண்டர் ஒக்ஸ்டன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சீழை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, குலைகுலையாக உருண்டைப் பற்றீரியா இருப்பதைக் காட்டினார். கிரேக்கத்தில் திராட்சைக் குலைக்குள்ள சொல்லை எடுத்து ஸ்டஃபிலோகொக்கஸ் என்று பெயர் வைத்ததும் அவர்தான். எங்கட கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அந்தக் குடும்பத்தின் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ். இனி இதில் சுருக்கமாக ஸ்டஃப் என்று எழுதுகிறேன்.

அதுக்கு ஐந்து வருசம் கழித்து, 1885 இல், கார்ல் கரே என்ற சுவிஸ் வைத்தியர் ஒரு வேலை செய்தார். ஆய்வுகூடத்தில் வளர்த்த ஸ்டஃபைத் தன் முன்கையில், காயமே இல்லாத தோலில், வைத்துத் தேய்த்தார். சில நாளில் அந்த இடத்தில் ஒரு பெரிய பிளவையும் சுற்றிவர சின்னச் சின்னக் கட்டிகளும் வந்தன. ஆறுவதற்கு வாரக்கணக்கு எடுத்தது, தழும்பும் மிஞ்சியது. (இப்ப ஒரு நெறிமுறைக் குழுவும் இதுக்கு அனுமதி தராது.) எனக்கு இந்தக் கதை பிடிச்சதுக்குக் காரணம் இருக்கு. கரே குளிக்காத ஆள் இல்லை. வெட்டுக்காயமும் இல்லை. அங்கே நடந்தது இரண்டே இரண்டு விசயம்: பற்றீரியா தோலில் பட்டது, தோல் உரசப்பட்டது. ஊத்தை எண்ட சொல்லுக்கு அதில் இடமே இல்லை.

அப்ப பற்றீரியா எங்கயிருந்து வருகிறது? பெரும்பாலும் வெளியிலயிருந்து இல்லை. சாதாரண சுகதேகிகளில் ஏறத்தாழ பத்துப் பேரில் மூன்று பேரின் மூக்குக்குள்ளே, முன்வாசலிலேயே, ஸ்டஃப் இருக்கிறது. கமக்கட்டு, தொடை இடுக்கு, தொண்டை போன்ற இடங்களிலும் இருக்கும். இருக்கிறவருக்கு ஒரு குணங்குறியும் இராது. ஒரு நாளில் எத்தனை தரம் மூக்கில் கை வைக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் தெரியும், அங்கிருந்து மற்ற இடத்துக்குப் போக எவ்வளவு லேசு எண்டு. மூக்கில் விரல், பிறகு தொடையில் சொறிச்சல், அவ்வளவுதான். திரும்பத் திரும்பக் கட்டி வருகிறவர்களின் சீழிலும் மூக்கிலும் ஒரே வகை ஸ்டஃபே இருப்பதைப் பல தடவை கண்டிருக்கிறார்கள். இதைத்தான் பற்றீரியாவைக் காவுவது என்கிறார்கள். குளித்தால் தோலில் உள்ளது குறையும். மூக்குக்குள் உள்ளது குறையாது. பிறகு மூக்கிலயிருந்து தோலுக்குத் திரும்ப வரும். ஒரு நாளைக்கு மூன்று தரம் குளிக்கிற ஆளுக்கும் கட்டி வருவதன் விளக்கம் இதுதான்.

இனி எங்கட வீட்டுக் கதை. பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா முறை, வயது 24. கிளிநொச்சிப் பக்கம் வெட்டு மெசின் ஓட்டுகிறவர். பெரும்போக அறுவடை தொடங்கினால் நாட்கணக்காக வீட்டுக்கு வரமாட்டார். காலையில் ஏறினால் இருளும்வரை றெக்சின் சீற்றில் இருப்பு, சூடு, வியர்வை, நெல்லுத் தூசி, அரிப்பு. இரவில் நாலைந்து பேராக ஒரு கொட்டிலில் படுக்கை. கிணற்றடியில் ஒரு சவுக்காரத் துண்டு, கொடியில் ஒன்றிரண்டு துவாய். ஆர் முதலில் குளிச்சாரோ அவருக்குக் காய்ஞ்ச துவாய்.

மாசியில் தொடையில் முதல் கட்டி. பாமசியில் அமொக்சிசிலின் மூன்று நாளைக்கு வாங்கிப் போட்டார். கட்டி உடைஞ்சது, மருந்து வேலை செய்ததெண்டு நினைச்சார். சித்திரையில் பின்பக்கத்தில் இரண்டாவது. திரும்பவும் அதே மருந்து. ஆனியில் கமக்கட்டில் மூன்றாவது, இந்த முறை கோழிமுட்டை அளவு, கையைத் தூக்கேலாது. பெரியம்மா சுட்ட வெங்காயமும் மஞ்சளும் வைத்துக் கட்டினா. இதுக்கிடையில் தங்கச்சிக்காரிக்கும் மூக்குக்குப் பக்கத்தில் ஒன்று வந்தது.

அமொக்சிசிலின் கதையை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஸ்டஃபில் பெரும்பாலானவை பெனிசிலின் வகை மருந்துகளை உடைக்கிற ஒரு நொதியத்தை வைத்திருக்கின்றன. தனி அமொக்சிசிலினையும் அது உடைத்துவிடும். அந்த நொதியத்துக்குத் தப்புகிற மாதிரிச் செய்யப்பட்டவைதான் குளொக்சசிலின், ஃப்ளூகுளொக்சசிலின் போன்றவை. (அவற்றுக்கும் அடங்காத வகைதான் எம்.ஆர்.எஸ்.ஏ.) அண்ணாவின் முதல் இரண்டு கட்டிகளும் தாங்களாகவே உடைந்து ஆறின. பேர் மட்டும் மாத்திரைக்குப் போனது. அதைவிட முக்கியமானது, சீழ் கட்டி நிற்கிற குழிக்குள் இரத்தம் ஓடாது, எனவே எந்த மருந்தும் ஒழுங்காகப் போய்ச் சேராது. பெரிய கட்டிக்கு முதல் வைத்தியம் கீறிச் சீழை வெளியேற்றுவது. அதை ஆஸ்பத்திரியில் விறைப்பு ஊசி போட்டுச் செய்ய வேணும். வீட்டில் ஊசியாலயோ பிளேட்டாலயோ கீறுகிறதும் நசுக்குகிறதும் பற்றீரியாவைப் பக்கத்துத் திசுவுக்குள் தள்ளும். மூக்கு, மேலுதடு இருக்கிற பகுதியில் இது இன்னும் ஆபத்து. அங்கத்தைய நாளங்கள் உள்ளுக்குள் மண்டையோட்டின் நாளங்களோடு தொடர்புள்ளவை. தங்கச்சியின் கட்டியில் ஒருத்தரும் கை வைக்காதது நல்லது.

ஆஸ்பத்திரியில், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை, டொக்டரிடம் போக முந்தி வரிசையிலேயே ஒருவர் கேட்டாராம்: “என்ன தம்பி, குளிக்கிறேல்லையோ?” பத்துப் பேருக்கு முன்னால. அண்ணா திரும்பி வரப் பாத்தவர், பெரியம்மாதான் பிடிச்சு இருத்தினவ. உள்ளே இருந்த டொக்டர் வேற மாதிரிக் கேட்டா. “என்ன வேலை செய்றீங்கள்? ஆரோட படுக்கிறீங்கள்? துவாய் உங்கட தனித் துவாயோ? வீட்டில வேற ஆருக்கும் வந்ததோ?” பெரியம்மா இந்தக் கேள்விகளை அப்படியே வந்து ஒப்புவிச்சா. எனக்கு இந்தக் கட்டுரை எழுதத் தோன்றியதே அதைக் கேட்ட பிறகுதான்.

கட்டி கீறப்பட்டது. சீழ் ஒரு பஞ்சுக் குச்சியில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டது. பிறகு சீனி. விரலில் குத்திப் பார்த்தது 112. பெரியப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்தபடியால் இன்னொரு நாள் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள், 91. இரண்டும் சாதாரணம்.

24 வயதில் ஏன் சீனி பார்க்க வேணும் என்று அண்ணாவும் கேட்டவர். காரணம் வெள்ளை அணுக்கள். இரத்தத்தில் குளுக்கோஸ் கூடி நின்றால் அவை தொற்று நடக்கிற இடத்துக்கு ஓடிவருவதும், பற்றீரியாவை விழுங்கிக் கொல்வதும் மந்தமாகிவிடும். அதே பற்றீரியா, அதே உரசல், ஆனால் காவல் தளர்ந்திருக்கிறது. ஒரு மயிர்க்குழியோடு நிற்க வேண்டியது பிளவையாகப் பரவும். தங்களுக்குச் சீனி வருத்தம் இருப்பதே தெரியாமல், முதன்முதலில் கட்டியோடு வந்து பிடிபடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாகம், இரவில் பல தரம் எழும்பி ஒன்றுக்குப் போறது, காரணமில்லாமல் மெலியிறது, பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப அரிப்பு, இவற்றில் ஏதாவது கட்டியோடு சேர்ந்து இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

எண்கள் இவை. வெறும் வயிற்றில், அதாவது எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல், எடுத்த இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. 100 இலிருந்து 125 வரை அதற்கு முந்தைய கட்டம். எச்.பி.ஏ.1சி என்ற, மூன்று மாத சராசரியைச் சொல்லும் சோதனையில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. ஒரே ஒரு தரம் பார்த்து முடிவு சொல்ல மாட்டார்கள், குணங்குறி வெளிப்படையாக இல்லாவிட்டால் இரண்டாவது தரமும் பார்க்க வேணும். இன்னொன்று, கடும் தொற்று இருக்கிற நேரத்தில் அந்த நெருக்கடியாலேயே சீனி தற்காலிகமாக ஏறும். அப்படி ஏறினால் கட்டி ஆறினபிறகு திரும்பப் பார்க்கிறதுதான் முறை.

ஆனால் இதிலும் ஒரு மறுபக்கம் இருக்கு. திரும்பத் திரும்பக் கட்டி வருகிற இளம் ஆக்களில் பலருக்குச் சீனி சாதாரணமாகவே இருக்கும், அண்ணாவுக்கு இருந்தது போல. “சீனி இல்லை, ஒண்டும் இல்லை, போங்கோ” என்று கதை அதோட முடிஞ்சால் அது அரைக் கதை. சீனி பார்ப்பது மலிவான, தவறவிடக் கூடாத சோதனை. அதனால் பார்க்கிறார்கள். சாதாரணம் என்று வந்தால் மூக்கையும் துவாயையும் நோக்கித் திரும்ப வேணும்.

இப்ப சுத்தத்துக்கு வருவோம். சுத்தம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. எந்தச் சுத்தம் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் சமூகத்தில் ஸ்டஃப் பரவுகிற சூழலை ஐந்து விசயமாகச் சொல்கிறது: நெருக்கமாக வாழ்தல், தோலோடு தோல் படுதல், கீறல் உரசல் பட்ட தோல், பலர் பாவிக்கிற சாமானும் மேற்பரப்பும், சுத்தக் குறைவு. ஐந்தில் ஒன்றுதான் சுத்தக் குறைவு. மற்ற நாலும் ஆள் எங்கே வேலை செய்கிறார், எங்கே படுக்கிறார், எத்தனை பேரோடு இருக்கிறார் என்பதைப் பற்றியவை. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆக்களைக் கூடாரங்களுக்குள் அடைச்சு வைச்சிருந்த காலத்தை எங்கட பெற்றோர் மறக்கமாட்டினம். தண்ணிக்கு வரிசையில நிண்ட ஆக்களைப் பார்த்துக் குளிக்கிறேல்லையோ எண்டு கேட்டால் எப்படி இருக்கும்?

நெருக்கம் என்றதும் ஏழைகளின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2003 இல் சென்ற் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கக் காற்பந்துக் கழகத்தில், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற வீரர்களுக்குள், எம்.ஆர்.எஸ்.ஏ சீழ்க்கட்டி பரவியது. 58 வீரர்களில் ஐந்து பேருக்கு, எல்லாமாக எட்டுத் தொற்று. ஆராய்ந்து பார்த்தபோது, எல்லாத் தொற்றும் செயற்கைப் புல்லில் விழுந்து தோல் உரஞ்சுப்பட்ட இடங்களிலேயே வந்திருந்தது. காயத்துக்கு மருந்து போடுகிறவர்களுக்குப் பக்கத்தில் கை கழுவ வசதி இல்லை. ஆட்ட நேரத்தில் ஒரே துவாயை மூன்று பேர் வரைக்கும் பாவித்தார்கள். சிலர் குளிக்காமலே பொதுத் தொட்டிக்குள் இறங்கினார்கள். இன்னொன்றும் கண்டார்கள்: வீரர்களும் ஊழியருமாக 84 பேரின் மூக்கைச் சோதித்தபோது 35 பேரிடம் சாதாரண ஸ்டஃப் இருந்தது, ஆனால் பரவிய அந்த எம்.ஆர்.எஸ்.ஏ ஒருத்தரின் மூக்கிலும் இல்லை. அதாவது மூக்குச் சோதனை சுத்தம் என்று வந்தாலும் தோலாலும் துவாயாலும் பரவலாம். அந்தப் பட்டியலில் உள்ளதில் எது எங்கட கரப்பந்தாட்ட மைதானத்தில இல்லை? முழங்கால் உரஞ்சல் இருக்கு, ஒரு துவாய் இருக்கு, ஒரு ஜேர்சியை இரண்டு பேர் மாறிப் போடுறதும் இருக்கு.

அண்ணாவின் சீழில் வந்தது சாதாரண ஸ்டஃப், குளொக்சசிலினுக்கு அடங்குவது. மூக்கிலும் அதுவே. கட்டி முழுக்க ஆறும்வரை காத்திருந்து, பிறகு பற்றீரியாவைக் குறைக்கிற ஐந்து நாள் வேலை தொடங்கியது. முப்பிரோசின் என்ற களிம்பு, தீக்குச்சித் தலையளவு, இரண்டு மூக்குத் துவாரத்துக்குள்ளும் காலையும் இரவும். பூசிய பிறகு மூக்கை வெளியால் மெல்லப் பிடித்து அமத்த வேணும், உள்ளே பரவுவதற்கு. குளோர்ஹெக்சிடீன் 4 சதவீதக் கழுவும் திரவத்தால் நாளுக்கு ஒரு தரம் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கக் கழுவல், கமக்கட்டும் தொடை இடுக்கும் விடாமல். பூசியதும் வார்த்துவிடக் கூடாது, ஒன்றிரண்டு நிமிசம் நிற்க வேணும். கண்ணுக்குள்ளும் காதுக்குள்ளும் படக் கூடாது. அந்த ஐந்து நாளும் ஒவ்வொரு நாளும் துவாய், சாரம், உள்ளுடுப்பு, படுக்கை விரிப்பு மாற்றித் தோய்த்து நல்ல வெயிலில் காயவிட வேணும். சவர பிளேட் ஆளுக்குத் தனி.

வீட்டில் இருந்த நாலு பேரும் ஒரே ஐந்து நாளில் இதைச் செய்தார்கள். பெரியப்பா “எனக்கென்ன கட்டியே இருக்கு?” என்று முரண்டு பிடிச்சவர். அவரின் கேள்வியும் நியாயமான கேள்விதான். பதில் ஓர் ஆய்வில் இருக்கிறது. மேலே சொன்ன அதே சென்ற் லூயிஸ் நகரில், ஸ்டஃப் கட்டி வந்த பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றில் பிள்ளைக்கு மட்டும், மற்றதில் வீட்டில் எல்லாருக்கும் இந்த ஐந்து நாள் முறையைச் செய்தார்கள். 2012 இல் வெளிவந்த முடிவின்படி ஒரு வருசத்துக்குள் திரும்பக் கட்டி வந்தது முதல் குழுவில் 72 சதவீதம், இரண்டாவதில் 52 சதவீதம். வீடே சேர்ந்து செய்தால் கூடப் பயன். ஆனால் அந்த 52 ஐயும் கவனியுங்கோ. பாதிப் பேருக்குத் திரும்பவும் வந்திருக்கிறது. இது கிருமியை வேரோடு பிடுங்குகிற மந்திரம் இல்லை, எண்ணிக்கையைக் குறைக்கிற வேலை. அண்ணாவுக்கும் அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் ஒன்று வந்தது, கச்சான் அளவு, சுடுதண்ணி ஒத்தடத்தோட போய்விட்டது. அவர் கொட்டிலுக்குத் தன் துவாயும் சவுக்காரமும் தனிப் பையில் கொண்டு போகிறார். கூட வேலை செய்யிற பெடியள் பகிடி பண்ணுறாங்களாம்.

இந்த முறையை இணையத்தில் தேடினால் ஒரு தொட்டித் தண்ணிக்குக் குளோரின் வெளிற்றி இவ்வளவு கலந்து கால் மணித்தியாலம் படுத்திருங்கள் என்று வரும். எங்களிடம் படுக்கிற தொட்டி இல்லை, வாளியும் கிணறும்தான். அந்தக் கணக்கை வாளிக்கு மாத்தித் தோலை எரிச்சுக்கொள்ள வேண்டாம். முப்பிரோசினையும் பாமசியில் வாங்கி மாதக்கணக்காக மூக்குக்குள் பூச வேண்டாம், ஸ்டஃப் அதற்கும் பழகிவிடும். பிறகு உண்மையில் தேவைப்படும்போது அது கேட்காது.

கடைசியாக இரண்டு நோயைச் சொல்ல வேணும், ஏனென்றால் இவை கட்டி போலவே வந்து ஏமாற்றும். ஒன்று, எப்பவும் ஒரே இடத்தில், கமக்கட்டில், தொடை இடுக்கில், பெண்களுக்கு மார்பின் கீழ் மடிப்பில், மாறி மாறி வருகிறது. ஆறினாலும் கயிறு போலத் தழும்பும், தோலுக்குக் கீழே சுரங்கம் போல வாயும், இரட்டைக் கரும்புள்ளிகளும் மிஞ்சும். இதன் பெயர் ஹைட்ராடெனைற்றிஸ் சப்புரட்டீவா. பெரும்பாலும் இருபதுகளில்தான் தொடங்கும். மயிர்க்குழி அடைபட்டு உடம்பின் சொந்த அழற்சியால் வருவது, மற்றவருக்குத் தொற்றாது. வருசக்கணக்காகக் கட்டி என்றே பார்க்கப்பட்டு, ஊத்தை என்றே திட்டு வாங்குகிறவர்கள் இவர்கள்தான். அண்ணாவின் கட்டிகள் தொடை, பின்பக்கம், கமக்கட்டு என்று வேறு வேறு இடத்தில் வந்து சுத்தமாக ஆறின, அதனால் இது இல்லை. ஒரே இடம், சுரங்கம், தழும்பு என்றால் தோல் நோய் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்க வேணும்.

மற்றது வயலில் இறங்குகிறவர்களுக்கு: மெலியோய்டோசிஸ். மண்ணிலும் சேற்றுத் தண்ணியிலும் வாழ்கிற இன்னொரு பற்றீரியாவால் வருவது. இலங்கையின் பல மாகாணங்களிலும் நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். சீனி வருத்தம் இருக்கிறவரைத்தான் கூடத் தாக்கும். தோலில் ஆறாத கட்டியாகவும் தொடங்கலாம், காய்ச்சலோடு நுரையீரல், ஈரல், மண்ணீரல் என்று உள்ளேயும் சீழ் கட்டலாம். குளொக்சசிலின் இதுக்கு வேலை செய்யாது. ஊசி மருந்து கிழமைக்கணக்கில், பிறகு மாத்திரை மாதக்கணக்கில் தேவை. ஆய்வுகூடத்திலும் வேறு பற்றீரியா என்று தவறிப்போகக் கூடியது. அதனால் வயல் வேலை செய்கிறவர், சீனி வருத்தம் உள்ளவர், காய்ச்சலும் மெலிவும் இருக்கிறவர் என்றால், “நான் சேத்துக்குள்ள நிக்கிற ஆள்” என்பதை டொக்டர் கேட்க முந்தியே சொல்லிவிட வேணும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது போனில் நாலு வரி எழுதிக் கொண்டுபோனால் போதும்: எந்த மாதம், எந்த இடம், என்ன மருந்து எத்தனை நாள் போட்டது, வீட்டிலயோ வேலையிடத்திலயோ வேற ஆருக்கு வந்தது. ஒவ்வொரு கட்டியும் வெளியே தெரிகிற நேரத்தில் ஒரு படமும் எடுத்து வையுங்கோ, ஏனென்றால் கிளினிக் திகதி வரும்போது கட்டி ஆறியிருக்கும். கீறும்போது சீழை ஆய்வுக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கோ, அறிக்கை எப்ப வரும், ஆரிட்டை எடுக்கிறது என்றும் கேளுங்கோ. அண்ணாவின் அறிக்கை பன்னிரண்டு நாள் ஒரு மேசையில் கிடந்தது, பெரியம்மா போய்க் கேட்ட பிறகுதான் கைக்கு வந்தது. காய்ச்சல், கட்டியைச் சுற்றிச் சிவப்பு வேகமாகப் பரவுதல், முகத்துக் கட்டியோடு கண் வீங்குதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றைக்கே போக வேணும்.